ஒரு வாரம் கழித்து ரெக்ரூட்டருக்கு எழுதும்போது

2025-இல் தைப்பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. புதனும் வியாழனும் வழக்கமான விடுமுறை. இடையில் தனியாக நின்ற வெள்ளிக்கிழமையையும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்துவிட்டதால், ஜனவரி 14 முதல் 19 வரை ஆறு நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் பலரும் ஒன்றிரண்டு நாள் லீவு போட்டு அதே ஆறு நாளைத் தங்களுக்கும் அமைத்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழிந்தன.

ஆனால் குருகிராமிலோ புனேயிலோ உட்கார்ந்து ஆள் தேடும் ரெக்ரூட்டருக்கு அது சாதாரண வேலை வாரம். அங்கே மகர சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். அவர் திங்கட்கிழமை மெயில் அனுப்புகிறார், புதன்கிழமை போன் செய்கிறார், வெள்ளிக்கிழமை கணக்கை முடிக்கிறார். ஊரிலிருந்து திரும்பிய பிறகு அந்த மெயிலைத் திறந்து பார்க்கும் இளைஞருக்கு முதலில் வருவது பதற்றம். பதற்றத்தில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘இனி எழுதி என்ன பயன்’ என்று விட்டுவிடுகிறார், அல்லது பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார். இரண்டுமே தேவையில்லை. தாமதமான பதிலுக்குச் சரியான அளவு ஒன்று உண்டு. அது பலர் நினைப்பதைவிடச் சிறியது.

அந்த அளவைப் புரிந்துகொள்ள, இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கும் பெண். ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல் அனுபவம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஜனவரி 13, திங்கட்கிழமை காலை அவருடைய சொந்த மெயிலுக்குப் புனேயிலிருந்து ஒரு ரெக்ரூட்டர் எழுதியிருக்கிறார். சென்னைக் கிளையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பேமென்ட் ஆப் ஒன்றை டெஸ்ட் செய்த அனுபவத்தை ரெஸ்யூமேயில் பார்த்தோம். விருப்பம் இருந்தால் 16-ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் சில விவரங்களைத் தரவும் என்பது அந்த மெயிலின் சாரம். மொத்த அனுபவம், அதில் இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், இன்டர்வியூவுக்கு வசதியான நேரம் ஆகியவைதான் அவர் கேட்ட விவரங்கள்.

அன்று இரவு அந்தப் பெண் பஸ் ஏறினார். புதன்கிழமை 020 என்று தொடங்கும் எண்ணிலிருந்து இரண்டு மிஸ்டு கால். அது புனே எண் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மெயில் வந்ததைப் போனில் பார்த்தார். சென்னைக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று வைத்துவிட்டார். நிதானமாக உட்கார்ந்தபோது ஜனவரி 21 ஆகியிருந்தது.

ரெக்ரூட்டரின் பக்கம் என்ன நடந்தது?

அந்த எட்டு நாளில் புனே ரெக்ரூட்டர் கோபத்தோடு காத்திருந்தார் என்று நினைத்துக்கொள்வதுதான் பதற்றத்துக்குக் காரணம். அவர் அப்படிக் காத்திருக்கவில்லை. ஒரு ரெக்ரூட்டர் கையில் ஒரே நேரத்தில் பல இடங்கள் இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தேடிப் பலருக்கு மெயில் அனுப்புவார், போன் செய்வார். வருகிற விவரங்களை ஓர் எக்ஸெல் தாளில் ஏற்றுவார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ட்ராக்கர். ஆள் பெயர், அனுபவம், சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ், ஊர் என்று கட்டங்கள். கடைசியில் நிலவரம் என்று ஒரு கட்டம். அந்தத் தாள்தான் வேலைக்கு ஆள் கேட்ட மேனேஜரிடம் போகிறது. கட்டங்கள் நிரம்பாத பெயரை மேனேஜரிடம் அனுப்புவதில் அவருக்குப் பயன் இல்லை.

போன் அடித்து எடுக்காதவர்களின் நிலவரக் கட்டத்தில் இந்தியா முழுக்க ரெக்ரூட்டர்கள் எழுதும் மூன்றெழுத்து ஒன்று உண்டு: RNR. மணி அடித்தது, பதில் இல்லை என்று அர்த்தம். அதில் கோபமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அடுத்த பெயருக்குப் போகலாம் என்ற குறிப்பு மட்டுமே. நம் டெஸ்டிங் பெண்ணின் பெயருக்கு எதிரிலும் அதுதான் இருந்திருக்கும்.

ஆகவே தாமதமான பதில் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. அந்தக் கட்டத்தில் உள்ள மூன்றெழுத்தை அழித்துவிட்டு, காலியாகக் கிடக்கும் மற்றக் கட்டங்களை ஒரே தடவையில் நிரப்ப வேண்டும். ரெக்ரூட்டர் மறுபடி ஒரு மெயில் எழுதி விவரம் கேட்கவேண்டிய அவசியம் வந்தால், எட்டு நாள் தாமதம் பத்து நாளாகிறது. மன்னிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை ஈடுகட்டாது.

முதல் நகல்

இப்படி நேரும்போது பெரும்பாலும் எழுதப்படும் முதல் நகல் எப்படி இருக்கும் என்பது ரெக்ரூட்டர்களுக்கு மனப்பாடம். இந்த மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் இங்கே தமிழில் பார்க்கலாம்:

“மதிப்பிற்குரிய மேடம், மிகவும் தாமதமாகப் பதில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டுகிறேன். பொங்கலுக்காக நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். எங்கள் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. திரும்பும்போது பஸ் டிக்கெட் கிடைக்காமல் மிகவும் சிரமப்பட்டோம். வந்த பிறகு எனக்குக் காய்ச்சல். இதனால் உங்கள் மெயிலை இப்போதுதான் பார்த்தேன். பொதுவாக நான் இப்படி நடந்துகொள்பவள் அல்ல. உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் ஒரு வாய்ப்புத் தந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.”

இதில் மரியாதை இருக்கிறது. எழுதியவரின் நல்ல மனமும் தெரிகிறது. ஆனால் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று தெரியவில்லை. சம்பளம் இல்லை, இன்டர்வியூவுக்கு வசதியான நேரம் இல்லை. இந்த வேலையில் விருப்பம் இருக்கிறது என்று நேராகச் சொல்லும் வாக்கியம்கூட இல்லை. ரெக்ரூட்டர் இதைப் போனில் பார்க்கும்போது அனுப்பியவர் பெயரும் முதல் ஒன்றிரண்டு வரியும்தான் திரையில் தெரியும். அந்த இடம் முழுவதையும் மன்னிப்பே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல் பதில் சொல்லும் சுமை. இவ்வளவு வருத்தத்தோடு ஒருவர் எழுதினால், ‘பரவாயில்லை, கவலைப்படாதீர்கள், காய்ச்சல் எப்படி இருக்கிறது’ என்று ஆறுதல் சொல்வது எதிர்முனையில் இருப்பவரின் கடமையாகிவிடுகிறது. ஏற்கெனவே காத்திருந்தவர் மேல் புதிதாக ஒரு வேலை ஏறுகிறது. ‘இன்னும் ஒரு வாய்ப்பு’ என்ற வேண்டுகோளும் அவரைச் சங்கடத்தில் நிறுத்தும், ஏனென்றால் வாய்ப்புத் தருவதும் மறுப்பதும் பெரும்பாலும் ரெக்ரூட்டர் கையில் இல்லை. இடம் நிரம்பிவிட்டதா இல்லையா என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

மன்னிப்பில் எது எடுபடுகிறது

மன்னிப்பின் எந்தப் பகுதி எடுபடுகிறது என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு சோதனைகளில் மொத்தம் 755 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சூழ்நிலையும் வேலைக்கு ஆள் எடுப்பதுதான். நீங்கள் கணக்குப் பிரிவின் மேனேஜர். வேலை கேட்டு வந்தவர் முந்தைய இடத்தில் ஒரு வாடிக்கையாளரின் வரிக் கணக்கைத் தவறாகத் தாக்கல் செய்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டபோது மன்னிப்புக் கேட்கிறார். அந்த மன்னிப்பு எவ்வளவு ஏற்கும்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மன்னிப்பை அவர்கள் ஆறு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனி இப்படி நடக்காது என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னிக்கும்படி வேண்டுவது. பகுதிகள் கூடக் கூட மன்னிப்பு பொதுவாக நன்றாகவே எடுபட்டது. ஆனால் எல்லாப் பகுதிக்கும் ஒரே எடை இல்லை. ‘தவறு என்னுடையது’ என்று பொறுப்பை ஏற்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது. அதற்கு அடுத்தது, ஈடு செய்ய முன்வருவது. ‘மன்னியுங்கள்’ என்று வேண்டுவது கடைசி இடம் பிடித்தது.

ரெக்ரூட்டருக்கு எழுதும் மெயிலில் இதை வைத்துப் பார்த்தால் முதல் நகல் ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும். அதில் அதிக இடம் எடுத்துக்கொண்டவை விளக்கமும் வேண்டுகோளும். பொறுப்பை ஏற்கும் வரி எங்கேயும் இல்லை. சிக்னலும் பஸ்ஸும் காய்ச்சலும்தான் பொறுப்பைச் சுமக்கின்றன. ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்’ என்பதும் பொறுப்பை ஏற்பதாகாது, அது ஒரு சந்தேகமாக நின்றுவிடுகிறது. ஈடு செய்வது என்றால் இந்த இடத்தில் கேட்ட விவரங்களைக் கொடுப்பது. அது அடியோடு இல்லை.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தவறு கவனக்குறைவாலோ தெரியாததாலோ நடந்தது என்றால் மன்னிப்பு எளிதாக ஏற்கப்பட்டது. தெரிந்தே, நேர்மை இல்லாமல் செய்தது என்றால் அதே மன்னிப்பு அவ்வளவாக எடுபடவில்லை. எட்டு நாள் தாமதம் முதல் வகைத் தவறு. அதை மறைக்க ‘மெயிலை இப்போதுதான் பார்த்தேன்’ என்று எழுதும் அந்த நொடியில் அது இரண்டாம் வகைக்கு மாறுகிறது. நம் பெண் மெயிலைப் பொங்கலன்றே போனில் பார்த்துவிட்டார்.

இந்தப் பொய் மாட்டிக்கொள்வதும் சுலபம். நௌக்ரியில் ரெக்ரூட்டர்கள் பயன்படுத்தும் பக்கத்தில் ஒருவர் கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்பது தெரியும். லிங்க்ட்இன்னில் அந்த வாரம் ஒருவர் போட்ட லைக்கும் கமென்ட்டும் எல்லோர் கண்ணிலும் படும். யாரும் வேவு பார்க்கவேண்டியதில்லை, வழக்கமான வேலையின் நடுவே தானாகக் கண்ணில் விழும். சிறிய தாமதத்துக்காக அப்படி ஒரு சந்தேகத்தைச் சம்பாதிப்பது மிகப் பெரிய விலை. ‘ஊருக்குப் போயிருந்தேன், பதில் எழுதாமல் விட்டுவிட்டேன்’ என்பது உண்மையாகவும் இருக்கிறது, சின்னதாகவும் இருக்கிறது.

இரண்டாம் நகல்

அதே பெண் அதே காலையில் இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம்,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நீங்கள் சொன்ன 16-ஆம் தேதிக்குள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

பேமென்ட் ஆப்பில் நான் செய்த வேலையைக் கவனித்து எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. அந்த மாதிரி வேலையைத்தான் தொடர்ந்து செய்ய விரும்புகிறேன். இடம் இன்னும் காலியாக இருந்தால் என் விவரங்கள் இதோ:

மொத்த அனுபவம்: 5 வருடம் 4 மாதம். இதில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் 3 வருடம்.
இப்போதைய சம்பளம்: ஆண்டுக்கு 9.5 லட்சம். எதிர்பார்ப்பு: 13 லட்சம்.
நோட்டீஸ்: 60 நாள். இன்னும் ராஜினாமா செய்யவில்லை.
இன்டர்வியூவுக்கு: ஜனவரி 22 புதன், 23 வியாழன் மாலை 5.30-க்கு மேல், 24 வெள்ளி காலை 10-க்கு முன்.

புதன்கிழமை நீங்கள் கூப்பிட்டபோதும் எடுக்க முடியவில்லை. இன்று எந்த நேரம் அழைத்தாலும் எடுப்பேன். இடம் நிரம்பியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரி தெரிவித்தால் போதும்.

நன்றி.”

மன்னிப்பு முதல் பத்தியோடு முடிந்துவிட்டது. அதற்குள் மூன்று வேலை நடந்திருக்கிறது: வருத்தம், ஒரே ஒரு காரணம், பொறுப்பு. ‘எழுதியிருக்க வேண்டும்’ என்பதில் சிக்னல் மேலும் பஸ் மேலும் பழி போகவில்லை. அதற்குப் பிறகு முழுவதும் ஈடு செய்வது. ரெக்ரூட்டர் இந்த மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ட்ராக்கரின் கட்டங்களை மேலிருந்து கீழாக நிரப்பிவிடலாம்.

சுருக்கமாக எழுதினால் விறைப்பாகத் தெரியுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த நகலில் கனிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அந்தப் பயம் போகும். ‘மிகவும்’, ‘மனமார்ந்த’, ‘தயவுசெய்து’ எதுவும் இதில் இல்லை. ரெக்ரூட்டர் பேமென்ட் ஆப் அனுபவத்தைக் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்தேன் என்று காட்டும் ஒரு வரி இருக்கிறது. பலருக்கு ஒரே மெயிலை அனுப்பினாலும், ரெஸ்யூமேயைத் திறந்து பார்த்து அந்த ஒரு வரியைச் சேர்ப்பது ரெக்ரூட்டர் தன் கையால் செய்த வேலை. அதற்கு நன்றி சொல்வது அவரை ஒரு மனுஷியாகப் பார்ப்பது. போனில் இரண்டு முறை முயன்றதை நினைவில் வைத்திருப்பதும் அப்படித்தான். கடைசி வரி இன்னொரு உதவி செய்கிறது. இடம் போய்விட்டது என்றால் அதைச் சொல்வதில் இருக்கும் சங்கடத்தை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது.

‘மேடம்’ என்பதும் இடத்தைப் பொறுத்தது. ஐடி நிறுவனங்களில் ரெக்ரூட்டரை முதல் பெயர் சொல்லி எழுதுவதே வழக்கம். அவர் மெயிலில் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தால் அதே பெயரால் அழைக்கலாம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் சாரும் மேடமும்தான் இயல்பாகப் பொருந்தும்.

அனுப்பும் விதத்தில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பழைய மெயிலுக்கே ‘ரிப்ளை’ கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு மெயில் தொடங்கினால், எட்டு நாளில் நூற்றுக்கணக்கான மெயில் பார்த்துவிட்ட ரெக்ரூட்டருக்கு இவர் யார், எந்த இடத்துக்கு என்று தேட வேண்டியிருக்கும். பழைய மெயிலில் வேறு யாருக்காவது நகல் போயிருந்தால் அவர்களையும் விட்டுவிடாமல் ‘ரிப்ளை ஆல்’ கொடுப்பது நல்லது. பல நேரம் ஆள் கேட்ட மேனேஜரே அந்த நகலில் இருப்பார்.

எத்தனை நாளுக்கு எவ்வளவு

எல்லாத் தாமதத்துக்கும் ஒரே அளவு மன்னிப்பு தேவையில்லை. லாரா ஜுர்ஜே, வனேசா போன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவசரமில்லாத அலுவலக மெயில்களைப் பற்றியது. மெயில் பெறுபவர், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார் என்பது அதன் முடிவு. நம் தலைக்குள் ஓடும் கடிகாரம் அனுப்பியவருடையதைவிட முந்தி ஓடுகிறது. எனவே கெடு எதுவும் சொல்லாமல் வந்த மெயிலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதும்போது மன்னிப்பே தேவையில்லை. ‘எழுதியதற்கு நன்றி’ என்று தொடங்கினாலே போதும்.

நம் மாதிரியில் தேதி குறித்துக் கேட்டிருந்தார்கள். அதனால்தான் அந்தத் தேதியை மெயிலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றால் கதை வேறு. அந்த இடம் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். பழைய தாமதத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ‘இப்போது வேறு இடம் இருந்தால் தெரிவியுங்கள்’ என்று புதிய பேச்சாகவே தொடங்கலாம்.

குறித்த இன்டர்வியூவுக்கு வராமல் போனது, ஆஃபர் லெட்டருக்குக் கெடுவுக்குள் பதில் சொல்லாமல் விட்டது ஆகிய இரண்டும் தனி ரகம். இன்டர்வியூவில் மேனேஜர் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்திருப்பார். அவரிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை ரெக்ரூட்டருக்கு வந்திருக்கும். இங்கே முதலில் போன், பிறகுதான் மெயில். அந்த மேனேஜரின் நேரமும் வீணானதைத் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்று வாயால் சொல்வது அவசியம். ஆஃபர் விஷயத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு, ஏனென்றால் நோட்டீஸ் அறுபது அல்லது தொண்ணூறு நாள் என்றிருக்கும் நிறுவனங்களில் ராஜினாமா தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளுகிறது. அதனால் அந்தப் போனிலேயே சேரக்கூடிய தேதி எது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் மரணம், ஆஸ்பத்திரி என்று நாட்கள் போயிருந்தால் அதை ஒரு வரிக்கு மேல் விளக்கக் கடமை இல்லை. ‘குடும்பத்தில் ஒரு துக்கம், அதனால் எழுத முடியவில்லை’ என்றால் போதும். யார், எப்படி, என்ன நோய் என்பதெல்லாம் வேலைக்குத் தொடர்பில்லாத செய்திகள். இன்னும் சில நாள் தேவைப்பட்டால் எந்தத் தேதிக்குப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிடலாம்.

எழுதியது கன்சல்டன்சியைச் சேர்ந்தவர் என்றால் அவசரத்துக்கு வேறு காரணமும் உண்டு. கன்சல்டன்சிக்கு ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் கட்டணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்பது பல இடங்களில் பழகிப்போன விகிதம். ஒரே ஆளின் ரெஸ்யூமேயை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பினால் முதலில் அனுப்பியவருக்கே நிறுவனம் அந்த உரிமையைத் தரும். எனவே தாமதமான அந்த நாட்களில் வேறொருவர் மூலம் அதே நிறுவனத்துக்கு ரெஸ்யூமே போயிருந்தால், மன்னிப்புக்கு அடுத்த வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு இரண்டு பேர் மூலமும் போனால், தகராறைத் தவிர்க்க நிறுவனம் அந்தப் பெயரையே ஒதுக்கிவிடக் கூடும்.

பதில் ‘வேண்டாம்’ என்றாலும்

விருப்பம் இல்லாத வேலைக்குத் தாமதமாக எதற்குப் பதில் எழுதுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். லிங்க்ட்இன்னில் அறிமுகம் இல்லாதவர்களுக்கு ரெக்ரூட்டர்கள் அனுப்பும் இன்மெயிலுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. க்ரெடிட் கணக்கில்தான் அனுப்ப முடியும். பெற்றவர் 90 நாளுக்குள் பதில் சொன்னால் அந்த க்ரெடிட் ரெக்ரூட்டருக்குத் திரும்பக் கிடைக்கும். ‘விருப்பம் இல்லை’ என்பதும் அங்கே பதில்தான். ஊருக்குப் போய் வந்த பிறகு எழுதும் ஒரு மறுப்புகூட அவருக்குக் கையில் கிடைக்கும் உதவி.

அதற்கும் இரண்டு வரி போதும். “ஊரில் இருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். என் பெயரை யோசித்ததற்கு நன்றி. இந்த வருடம் வேலை மாறும் எண்ணம் இல்லை.” தெரிந்த நண்பர் யாராவது தேடிக்கொண்டிருந்தால் அவர் சம்மதம் கேட்டபிறகு அவருடைய பெயரையும் சேர்க்கலாம்.

பதில் அனுப்பியாகிவிட்டது, அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை என்றால் மூன்று நான்கு வேலை நாள் விட்டு ஒரு முறை நினைவூட்டலாம். அந்த நினைவூட்டலில் மறுபடி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஒரே தாமதத்துக்கு இரண்டாம் முறை வருந்தினால், படிப்பவர் மறந்துபோன விஷயத்தை நாமே எடுத்து முன்னால் வைப்பதாகிவிடும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த இடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன்

தீபாவளிக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ கிளம்பும்போது இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்க ஒரு வழி ஜிமெயிலிலேயே இருக்கிறது. அலுவலக மெயிலில் லீவு அறிவிப்பு வைக்கும் பலர், ரெக்ரூட்டர்கள் எழுதும் சொந்த மெயிலில் அதை வைப்பதில்லை. கம்ப்யூட்டரில் Settings, பிறகு See all settings, General என்று போய்க் கீழே வந்தால் Vacation responder என்று இருக்கும். முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் குறித்துவிட்டால் அது தானாகத் தொடங்கித் தானாக நின்றுகொள்ளும். போனில் உள்ள ஜிமெயில் ஆப்பிலும் Settings-க்குள் போய்க் கணக்கைத் தொட்டால் இதே வசதி கிடைக்கும்.

அங்கே கவனிக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டி உண்டு: தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் பதில் அனுப்பு என்பது. ரெக்ரூட்டர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார், எனவே அதை டிக் செய்யக் கூடாது. ஸ்பேமுக்குள் போய் விழும் மெயிலுக்கு இந்தத் தானியங்கிப் பதில் போகாது என்பதால், திரும்பி வந்ததும் அந்தப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஆள் அடுத்தடுத்து எழுதினால் ஒவ்வொரு மெயிலுக்கும் அது பதில் அனுப்பாது. நான்கு நாளுக்குப் பிறகும் அவர் எழுதினால்தான் இன்னொரு முறை போகும். லிங்க்ட்இன்னில் இதுபோன்ற அறிவிப்பு வசதி கட்டணம் செலுத்துபவர்களுக்கு மட்டும்.

அறிவிப்பில் எழுத வேண்டியது மூன்று செய்திகள். எந்தத் தேதி வரை ஊரில் இல்லை, எந்தத் தேதியில் பதில் வரும், அவசரம் என்றால் எந்த எண்ணுக்கு வாட்ஸாப் அனுப்பலாம். முன்பின் தெரியாதவர்களுக்கும் இந்தப் பதில் போகும் என்பதால் வீடு பூட்டியிருக்கிறது என்றோ எந்த ஊரில் இருக்கிறோம் என்றோ எழுதாமல் இருப்பது பாதுகாப்பு. வேலை தேடும் காலத்தில் இருப்பவர்கள் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதையும் அதில் சேர்த்துவிட்டால், ஊரில் இருக்கும்போதே ட்ராக்கரில் ஒரு கட்டம் நிரம்பிவிடும். ஆனால் சம்பள விவரத்தை அதில் போடக் கூடாது. அந்த வாரம் மெயில் அனுப்பும் எல்லோர் கைக்கும் அது போய்ச் சேரும்.